பெட்டிக்குள் இருப்பது யூரோதான்

அமெரிக்கச் சந்தையில் FXE என்ற பெயரில் ஒரு பண்டு வர்த்தகமாகிறது. அது வைத்திருப்பது பங்கோ கடன் பத்திரமோ அல்ல. வங்கியில் போட்ட யூரோ டெபாசிட் மட்டுமே. 2005-ல் தொடங்கியபோது ஒரு யூனிட்டுக்கு 100 யூரோ.

ஆனால் அந்த நூறு அப்படியே நிற்காது. ஆண்டுக்கு 0.40 சதவீதக் கட்டணம் அந்த டெபாசிட்டிலிருந்தே கழிகிறது. வட்டியே வராத ஆண்டில் நூறு யூரோ 99.60 ஆகிவிடும். ஒரு யூரோ 1.10 டாலரிலேயே அசையாமல் நின்றாலும், யூனிட்டின் மதிப்பு 110 டாலரிலிருந்து 109.56-க்கு இறங்கும். 2014-ல் ஐரோப்பிய மத்திய வங்கி தன் டெபாசிட் வட்டியைப் பூஜ்யத்துக்குக் கீழே கொண்டுபோன பின் இந்தத் தேய்மானம் இன்னும் கூடியது. வட்டி கட்டணத்தைத் தாண்டினால்தான் மிச்சம்.

ஆகவே அன்றாட ஏற்ற இறக்கத்தை நெருக்கமாகப் பின்தொடரும் இந்தப் பண்டு, ஆண்டுக்கணக்கில் மாற்று விகிதத்தைவிட்டு மெல்ல விலகும். வாங்குமுன் யூனிட்டுக்கு இன்று எத்தனை யூரோ என்று பாருங்கள்.