எஸ்ஜிபிடி 78: கொழுப்பு மாத்திரை மேல் விழும் வீண்பழி

மாஸ்டர் ஹெல்த் செக்கப் செய்துகொண்டு கத்தை ரிப்போர்ட்டோடு வருகிறவர்கள் இப்போது அதிகம். நல்லதுதான். ஆனால் அந்த ரிப்போர்ட் என் மேசைக்கு வருவதற்குள் வீட்டிலேயே ஒரு முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது. எஸ்ஜிபிடி என்ற வரியில் தடித்த எழுத்தில் ஓர் எண் தெரிகிறது. மறுநாளிலிருந்து கொழுப்பு மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். அப்படி நிறுத்துகிறவர்களில் ஸ்டென்ட் வைத்தவர்களும் உண்டு, ஏற்கெனவே ஒரு அட்டாக்கைத் தாண்டி வந்தவர்களும் உண்டு. "லிவர் போயிடும்னு சொன்னாங்க சார்" என்பார்கள். யார் சொன்னார்கள் என்று கேட்டால் ஒரு மைத்துனரோ, மருந்துக்கடைத் தம்பியோ, யாரோ அனுப்பிய வீடியோவோ இருக்கும். மாத்திரையை எழுதிக் கொடுத்தவரை மட்டும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நிறுத்திய விஷயம் எனக்குத் தெரிய வரும்போது மூன்று நான்கு மாதம் ஓடியிருக்கும். சில நேரம் அவசர சிகிச்சைப் பிரிவில்தான் தெரிய வரும்.

நிறுத்தியும் இறங்காத எண்

இரும்புக்கடை வைத்திருக்கும் 54 வயதுக்காரர் ஒருவர். சர்க்கரை உண்டு, எடை 86 கிலோ. இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்து, தினமும் அட்டோர்வாஸ்டாடின் 40 மி.கி. எடுத்துவந்தார். கெட்ட கொழுப்பான எல்டிஎல் 64இல் நின்றது. மாத்திரை நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது. செக்கப்பில் எஸ்ஜிபிடி 78 என்று வந்தது. அந்தப் பரிசோதனைக்கூடத்தின் மேல் வரம்பு 40. பயந்துபோய் மாத்திரையை நிறுத்திவிட்டு, லிவர் டானிக் ஒரு பாட்டிலும் கீழாநெல்லிச் சாறும் ஆரம்பித்தார்.

நான்கு மாதம் கழித்து, நடந்தால் நெஞ்சை அழுத்துகிறது என்று வந்தார். எல்டிஎல் 151 ஆகியிருந்தது. எஸ்ஜிபிடி எவ்வளவு தெரியுமா? 82. மாத்திரை உடம்பில் துளியும் இல்லாத நிலையில், முன்பைவிட நான்கு கூடுதல்.

பழைய ஃபைலைப் புரட்டினேன். ஸ்டென்ட் வைப்பதற்கு முன்பு, அதாவது கொழுப்பு மாத்திரை என்ற பேச்சே வராத காலத்தில், எடுத்த ரத்தப் பரிசோதனையில் எஸ்ஜிபிடி 61. வயிற்று ஸ்கேனில் கல்லீரலில் இரண்டாம் நிலை கொழுப்புப் படிவு. ஆக, இந்த எண்ணைத் தூக்கிப் பிடித்திருந்தது அவருடைய இடுப்புச் சுற்றளவும் சர்க்கரையும்தான். மாத்திரைக்கு இதில் பெரிய பங்கு எதுவும் இல்லை. அதே 40 மி.கி.யை மறுபடி தொடங்கினோம். ராத்திரிச் சாப்பாட்டையும் கடையில் உட்கார்ந்தபடி கொறிக்கும் மிக்ஸரையும் குறைத்து, ஏழு மாதத்தில் 79 கிலோவுக்கு வந்தார். எஸ்ஜிபிடி 49, எல்டிஎல் 60. மாத்திரை உள்ளே போய்க்கொண்டிருக்கும்போதே கல்லீரல் எண் இறங்கியது.

அந்த எண் எதைச் சொல்கிறது?

எஸ்ஜிபிடியும் எஸ்ஜிஓடியும் செல்களுக்குள் இருக்கவேண்டிய நொதிகள். செல்லுக்குச் சிறு தொல்லை வந்தாலும் கொஞ்சம் ரத்தத்தில் கசியும். கசிவு இருக்கிறது என்பதை மட்டும்தான் அந்த எண் சொல்கிறது. கல்லீரல் வேலை செய்கிறதா என்பது அதில் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள பிலிருபின், அல்புமின், ரத்தம் உறையும் நேரம் ஆகிய மூன்றையும் பார்க்கவேண்டும். நம் இரும்புக்கடைக்காரருக்கு மூன்றும் கச்சிதமாக இருந்தன. அந்த வரிகள் தடித்த எழுத்தில் இல்லாததால் வீட்டில் யார் கண்ணிலும் படவில்லை.

ஸ்டாடின் என்ற இந்த வகைக் கொழுப்பு மாத்திரையைத் தொடங்கிய முதல் மூன்று மாதங்களில் சிலருக்கு இந்த நொதி சற்று ஏறும். பெரும்பாலும் மாத்திரையைத் தொடரும்போதே, அளவைக்கூட மாற்றாமல், தானாக இறங்கிவிடும். புதிய மருந்துக்குக் கல்லீரல் பழகிக்கொள்கிறது, அவ்வளவுதான். மருத்துவர்கள் கவலைப்படத் தொடங்கும் கோடு மேல் வரம்பைப் போல மூன்று மடங்கு. வரம்பு 40 என்றால் 120. அதுவும் ஒரே ஒரு பரிசோதனையில் தாண்டினால் போதாது, மறுபடி எடுத்தாலும் தாண்டி நிற்கவேண்டும். அட்டோர்வாஸ்டாடின் மருந்தின் ஆய்வுகளில் இப்படித் தாண்டி நின்றவர்கள் 10, 20 மி.கி. எடுத்தவர்களில் ஆயிரத்துக்கு இரண்டு பேர். 40 மி.கி.யில் ஆயிரத்துக்கு ஆறு பேர். உச்ச அளவான 80 மி.கி.யில் நூற்றுக்கு இரண்டு பேருக்குச் சற்று மேல். அவர்களிலும் பெரும்பாலோருக்கு அளவைக் குறைத்தாலோ நிறுத்தினாலோ எண் பழைய நிலைக்குத் திரும்பியது.

ஸ்டாடின் கல்லீரலைக் கெடுப்பதே இல்லை என்று நான் சொல்லவில்லை. மஞ்சள் காமாலையோடு கூடிய கடுமையான பாதிப்பு, மிக அரிதாக, நடக்கிறது. லட்சத்தில் ஒருவர் என்ற அளவில்தான் மதிப்பிடுகிறார்கள். எஸ்ஜிபிடி மூன்று மடங்கு தாண்டி, அதோடு பிலிருபினும் இரண்டு மடங்கு தாண்டினால்தான் நாங்கள் நாற்காலியின் நுனிக்கு வருகிறோம். எஸ்ஜிபிடி 78, பிலிருபின் 0.8 என்ற ரிப்போர்ட் அந்தப் பக்கமே போகாது.

இன்னொன்று. எஸ்ஜிஓடி தசையிலும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஜிம்மில் கனமாகத் தூக்கிவிட்டு திங்கள்கிழமை ரத்தம் கொடுத்தால் அது ஏறித்தான் இருக்கும். சனிக்கிழமைக் குடியும் அப்படித்தான். குடித்ததை யாரும் சொல்வதில்லை, மாத்திரையைத்தான் காட்டிக் கொடுக்கிறார்கள்.

எங்கிருந்து வந்தது இந்தப் பயம்?

ஒரு பகுதி எங்கள் தரப்பிலிருந்தே வந்தது. 1987இல் அமெரிக்காவில் லோவாஸ்டாடின் விற்பனைக்கு வந்தபோது இது புது வகை மருந்து, வேலை செய்யும் இடமும் கல்லீரல். எச்சரிக்கையாக அடிக்கடி நொதிப் பரிசோதனை செய்யச் சொன்னார்கள். பிறகு வந்த ஸ்டாடின்களும் அதே அறிவுரையோடு வந்தன. "அடிக்கடி லிவர் டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார்கள் என்றால் ஏதோ ஆபத்து இருக்கத்தானே செய்யும்" என்று மக்கள் நினைத்ததில் தவறில்லை. இருபத்தைந்து ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு, 2012 பிப்ரவரியில், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அந்த வழக்கத்தையே கைவிட்டது. தொடங்கும் முன் ஒருமுறை, பிறகு அறிகுறி இருந்தால் மட்டும் போதும் என்றது. கடும் பாதிப்பு அவ்வளவு அரிது, அதையும் வழக்கமான பரிசோதனையால் முன்கூட்டிப் பிடிக்க முடியவில்லை என்பதுதான் காரணம். பயம் மட்டும் அந்தப் பழைய காகிதத்திலிருந்து கழன்று ஊருக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது.

"ஃபேட்டி லிவர் இருக்கு, அதனால இந்த மாத்திரை ஆகாது"

தினமும் கேட்கும் வசனம் இது. நிலைமை இதற்கு நேர்மாறானது. கல்லீரலில் கொழுப்பு படிந்தவர்கள் கடைசியில் பெரும்பாலும் கல்லீரலால் சாவதில்லை, இதயத்தால் சாகிறார்கள். ஸ்டாடின் மிகவும் தேவைப்படும் கூட்டமே அவர்கள்தான். கிரேக்க நாட்டில் இதய நோயாளிகளிடம் நடந்த 'கிரீஸ்' என்ற ஆய்வின் தரவுகளை 2010இல் மறுபடி அலசினார்கள். மூன்று மடங்குக்குள் நொதி ஏறியிருந்த, பெரும்பாலும் ஃபேட்டி லிவர் உள்ள, 437 பேரை எடுத்துக்கொண்டு பார்த்தார்கள். ஸ்டாடின் எடுத்தவர்களில் நொதி இறங்கியிருந்தது, எடுக்காதவர்களில் இன்னும் ஏறியிருந்தது. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை எடுத்தவர்களில் பத்தில் ஒருவருக்கு வந்தன. எடுக்காதவர்களில் பத்தில் மூன்று பேருக்கு வந்தன. இது பின்னோக்கிப் பார்த்த அலசல், இதை மட்டும் வைத்து ஸ்டாடினைக் கல்லீரல் மருந்து என்று நான் எழுதிக் கொடுக்க மாட்டேன். ஆனால் நொதி சற்று ஏறியிருப்பதால் மாத்திரை கூடாது என்ற வாதத்துக்கு அதில் இடமே இல்லை.

லிவர் டானிக்கும் "இயற்கை"யும்

"கொஞ்ச நாள் நிறுத்தி லிவருக்கு ரெஸ்ட் கொடுக்கலாம்னு..." என்று இழுப்பார்கள். கல்லீரலுக்கு விடுப்பு கிடையாது. இரும்புக்கடைக்காரர் நிறுத்திய அந்த நான்கு மாதத்தில் ஓய்வு கிடைத்தது எல்டிஎல்லுக்கு எதிரான காவலுக்குத்தான். ஸ்டென்ட் வைத்தவர் ஸ்டாடினை நிறுத்தினால் அடுத்த அட்டாக்குக்கான வாய்ப்பு கூடுகிறது. இது பல நாடுகளில் பார்த்துப் பதிவான விஷயம்.

எனக்குப் பொறுமை போவது இதற்கடுத்த கட்டத்தில்தான். ஆண்டுக்கணக்கில் ஆயிரக்கணக்கானோரிடம் சோதித்த மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட்டு, என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று லேபிளில்கூடத் தெளிவாக இல்லாத பொடியைக் கரண்டிக் கணக்கில் சாப்பிடுகிறார்கள். மூலிகை என்றால் கல்லீரலைத் தொடாது என்று யார் சொன்னது? கொரோனா காலத்தில் எதிர்ப்பு சக்திக்கென்று சீந்தில் கொடியைக் காய்ச்சிக் குடித்தவர்களுக்குக் கடுமையான கல்லீரல் பாதிப்பு வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்தார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. ஆனால் பிறகு வேறு ஊர்களிலிருந்தும் இப்படிப்பட்ட நோயாளிகள் பதிவானார்கள். உடல் இளைக்க விற்கும் கிரீன் டீ சாரக் குளிகைகளும் இதே பட்டியலில் உண்டு. 'இயற்கையாகக் கொழுப்பைக் குறைக்கும்' என்று இணையத்தில் விற்கும் சிவப்பு ஈஸ்ட் அரிசிக் குளிகை இன்னொரு வேடிக்கை. அதில் கொழுப்பைக் குறைக்கும் பொருள், வேதியியல்படி, லோவாஸ்டாடினேதான். ஸ்டாடினுக்குப் பயந்து ஓடி, அளவு தெரியாத ஸ்டாடினை விழுங்குகிறார்கள்.

எப்போது உண்மையாகவே நிறுத்தவேண்டும்?

கண் மஞ்சளானால், சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால், உடல் முழுக்க அரிப்போடு சாப்பாடு வெறுத்துப்போனால், அன்றே மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். எஸ்ஜிபிடி மூன்று மடங்கைத் தாண்டினால் சில வாரங்களில் மறுபடி எடுத்து, பிலிருபின், ஹெபடைடிஸ் பி, சி, ஸ்கேன் பார்த்தபின், அளவைக் குறைப்பதா வேறு ஸ்டாடினுக்கு மாறுவதா என்று மருத்துவர் முடிவு செய்வார். ஈரல் சுருக்க நோய் முற்றி வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கு இந்தக் கட்டுரையின் தைரியம் பொருந்தாது. அவர்களுக்குத் தனிக் கணக்கு. சளிக்குக் கிளாரித்ரோமைசின், படர்தாமரைக்கு இட்ராகோனசோல் என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்குகிறவர்களும் கவனிக்கவேண்டும். அவை சிம்வாஸ்டாடின், அட்டோர்வாஸ்டாடின் அளவை ரத்தத்தில் பல மடங்கு ஏற்றிவிடும். அப்போது தசைக்கும் ஆபத்து, கல்லீரலுக்கும் தொல்லை.

ஒரு கெஞ்சல்

எண் ஏறியிருந்தால் தயவுசெய்து முதலில் எடையைப் பாருங்கள். நூறு கிலோ இருக்கிறவர் ஏழெட்டு கிலோ குறைத்தாலே கல்லீரல் கொழுப்பு கண்கூடாகக் குறையும். எந்த டானிக்கும் அதைச் செய்து நான் பார்த்ததில்லை. குடியை விடுங்கள். முடியவில்லை என்றால் குடிப்பதையாவது மறைக்காமல் சொல்லுங்கள், திட்டமாட்டேன். வரும்போது வீட்டில் இருக்கும் டப்பா, பொடி, லேகியம், குளிகை அத்தனையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். ஐந்து வருடத்துக்கு முந்தைய ஒரு எஸ்ஜிபிடி எண் எனக்குப் பத்து புதுப் பரிசோதனைகளை மிச்சப்படுத்தும். மாத்திரையை நிறுத்த நினைத்தால், நிறுத்துவதற்கு முன்னால், உங்கள் மருத்துவருக்கு ஒரே ஒரு போன் போடுங்கள்.