பிளானைக் குறைத்தால் மீதிப் பணம் எங்கே போகிறது?

ஒரு ஆப்பில் பெரிய பிளானுக்கு மாறினால் கூடுதல் வசதிகள் உடனே திறந்துவிடும். சின்ன பிளானுக்கு மாறினாலோ, ‘இந்த மாற்றம் அடுத்த புதுப்பிப்பு நாளில் அமலுக்கு வரும்’ என்று ஒரு வரி வரும். ஆப்பிளின் ஆப் ஸ்டோர் சந்தாக்களில் இதுவே பொது விதி. ஏற்றம் உடனடியாக, இறக்கம் புதுப்பிக்கும் நாளில். ஏமாற்று வேலை என்று சிலருக்குத் தோன்றும். பணம் எந்தப் பக்கம் நகர வேண்டியிருக்கிறது என்று பார்த்தால் காரணம் விளங்கும்.

முப்பது நாள் மாதத்தில் 300 ரூபாய், 600 ரூபாய் என இரண்டு பிளான்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 300 ரூபாய் பிளானில் இருப்பவர் பத்து நாள் கழித்துப் பெரியதற்கு மாறுகிறார். மீதி இருபது நாளுக்குப் பழைய பிளானில் அவருடைய பணம் 200 ரூபாய் இருக்கிறது. அதே இருபது நாளுக்குப் பெரிய பிளானின் விலை 400. வித்தியாசமான 200 ரூபாயை அவர் கட்டினால் கணக்கு முடிந்தது.

இப்போது எதிர்ப்பக்கம். 600 ரூபாய் கட்டியவர் அதே பத்தாம் நாள் முடிவில் சின்னதற்கு இறங்குகிறார். அவருடைய மீதி 400, தேவைப்படுவது 200. ஆக, 200 ரூபாய் நிறுவனத்திடமிருந்து திரும்பி வர வேண்டும். அதைத் திருப்பினாலும், முதலில் பணம் வசூலித்தபோது பேமென்ட் கேட்வேக்குக் கொடுத்த கட்டணம் பெரும்பாலும் நிறுவனத்துக்குத் திரும்பக் கிடைக்காது. ஜி.எஸ்.டி. போட்ட பில்லைச் சரிசெய்யத் தனியாகக் கிரெடிட் நோட் போட வேண்டும். போதாததற்கு, பெரிய பிளானை வாங்கி இரண்டு நாளில் பெரிய வேலைகளை எல்லாம் முடித்துக்கொண்டு, மீதியைக் கேட்டு வருபவர்களும் உண்டு. அதனால்தான் ‘கட்டிய காசுக்கு முப்பது நாளும் பெரிய பிளானையே அனுபவியுங்கள், அடுத்த மாதத்திலிருந்து 300 கட்டினால் போதும்’ என்கிறார்கள். இந்த முறையில் மீதி என்று எதுவுமே மிஞ்சுவதில்லை.

இறக்கத்தையும் உடனே செய்துதரும் நிறுவனங்கள் உண்டு. அங்கே அந்த மீதியை இரண்டு விதமாகக் கையாள்வார்கள். ஒன்று, 200 ரூபாயை உங்கள் கணக்கில் கிரெடிட்டாக வரவு வைப்பது. அடுத்த பில் 300 என்றால், கிரெடிட் போக நீங்கள் கட்டுவது 100. மற்றொன்று, மீதியை நாட்களாக மாற்றுவது. சின்ன பிளானின் விலை நாளுக்குப் பத்து ரூபாய். உங்களிடம் மீதமுள்ள 400 ரூபாய்க்கு நாற்பது நாள் கிடைக்கும். மாதம் முடிந்ததும் வர வேண்டிய பில் இருபது நாள் தள்ளிப்போகும். கூகுள் பிளேயில் எந்த முறை என்பதை ஆப்பை உருவாக்கியவரே தேர்ந்தெடுக்கலாம். ஆகவே ஒரே ஃபோனில் இருக்கும் இரண்டு ஆப்கள் இரண்டு விதமாக நடந்துகொள்ளும்.

மாதச் சந்தாவில் இந்த வித்தியாசம் சின்னது. ஆண்டுச் சந்தாவில்தான் உறைக்கும். வருடத்துக்கு 6,000 கட்டியவர் மூன்று மாதத்தில் 3,000 ரூபாய் பிளானுக்கு உடனே இறங்கினால் 2,250 ரூபாய் கிரெடிட் சேரும். ஆனால் அது கழிவது ஒன்பது மாதம் கழித்து வரும் பில்லில்தான். அப்போது அவர் கட்ட வேண்டியது 750. இடையில் சந்தாவையே ரத்து செய்தால்? பல நிறுவனங்களில் கிரெடிட் என்பது அவர்கள் சேவைக்கு மட்டுமே செல்லும் பணம்; கேட்காமல் வங்கிக்கு வராது, கேட்டாலும் கிடைப்பது அவர்கள் விதிமுறையைப் பொறுத்தது. தொடரப் போகிறவருக்கு உடனடி இறக்கம் லாபம். விலகும் எண்ணம் இருப்பவர், இறங்காமல் பெரிய பிளானையே கடைசி நாள் வரை பயன்படுத்திவிட்டு, புதுப்பித்தலை நிறுத்திவிடுவது நல்லது.

தள்ளிவைத்த இறக்கம் பதிவாகிவிட்டதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஆட்டோபேயில் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு, தொகையைக் குறிப்பிட்டு முன்னறிவிப்பு அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதில் 300 என்று இருந்தால் சரி. 600 என்றே இருந்தால் மாற்றம் ஏறவில்லை என்று பொருள். அந்த ஒரு பிடித்தத்தை மட்டும் வேண்டாம் என்று தடுக்க அந்த அறிவிப்பிலேயே வழி இருக்க வேண்டும். ஆப்பிளில் சந்தா முடிவதற்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள் பணம் எடுத்துவிடக்கூடும் என்பதால், கடைசி நாள் வரை காத்திருக்கக் கூடாது.

சேமிப்பிட பிளான்களில் புதுப்பிக்கும் நாளுக்கு முன் இன்னொரு வேலையும் உண்டு. கூகுள் கணக்கில் புது வரம்பைவிட அதிகமாக ஃபைல்கள் இருந்தால், இறங்கிய பிறகு ஜிமெயிலுக்குப் புது மெயில் வருவதே நின்றுவிடலாம். கையில் மிச்சமிருக்கும் பெரிய பிளான் நாட்களிலேயே அவற்றை வேறிடத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.