ஹீட்டர் கசிவும் கிலோஓம் கணக்கும்: குளியலறையில் ஓர் அலகு தவறினால்

பிரிக்பீல்ட்ஸ் அடுக்ககங்களிலும் கிள்ளான் தாமான் வீடுகளிலும் அடிக்கடி கேட்கும் புகார் ஒன்று உண்டு. குளியலறை வாட்டர் ஹீட்டரைப் போட்டதும் டிபி பெட்டியில் ஒரு சுவிட்ச் விழுந்துவிடுகிறது. தூக்கிவிட்டால் மறுபடியும் விழுகிறது. யாரையோ அழைக்கிறோம். அவர் அந்தச் சுவிட்சைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்துகிறார். அதன்பின் அது விழுவதில்லை, வெந்நீரும் தடையின்றி வருகிறது. பழுது தீர்ந்தது என்று வீட்டார் நம்புகிறார்கள். பல வீடுகளில் பழுது அப்படியே இருக்கிறது. அதைச் சொல்லிக்கொண்டிருந்த கருவிதான் வாயடைக்கப்பட்டிருக்கிறது.

அந்தச் சுவிட்சின் பெயர் ஆர்.சி.சி.பி. பழைய பழக்கத்தில் பலர் இ.எல்.சி.பி. என்பார்கள். ஒரு கம்பியில் போகும் மின்னோட்டமும் மற்றதில் திரும்பி வரும் மின்னோட்டமும் சமமா என்று அது ஓயாமல் ஒப்பிடுகிறது. குறைவாகத் திரும்பினால், குறைந்தது வேறெங்கோ கசிகிறது என்று பொருள். குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் மின்சாரத்தை வெட்டிவிடும். அந்த அளவு அதன் முகப்பில் 10 mA, 30 mA அல்லது 100 mA என்று அச்சிடப்பட்டிருக்கும். மலேசியாவின் 1994ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகள் இந்த மூன்றையும் இடத்துக்கேற்ப வகுத்திருக்கின்றன. தரை ஈரமாகும் இடத்துக்கு 10 மில்லிஆம்பியர், கையில் பிடித்துப் பயன்படுத்தும் சாதனங்களுக்கு 30, மற்றவற்றுக்கு 100. குளியலறை ஹீட்டருக்கு உரியது 10. அதைக் கழற்றி 100 போட்டால் சுவிட்ச் விழாமல் இருப்பதில் வியப்பில்லை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கிள்ளானில் ஒரு வீடு. ஹீட்டரின் 10 மில்லிஆம்பியர் சுவிட்ச் விழுந்துகொண்டே இருக்கிறது. தகுதி பெற்ற வயர்மேன் முதலில் மின்சாரத்தைத் துண்டிக்கிறார். பிறகு ஹீட்டரைக் கம்பிகளிலிருந்து பிரித்து, அதன் லைவ், நியூட்ரல் முனைகளை ஒன்றாகச் சேர்த்து, அவற்றுக்கும் எர்த்துக்கும் இடையே 500 வோல்ட் காப்புச் சோதனைக் கருவியை வைக்கிறார். திரையில் 0.018 MΩ என்று வருகிறது. மெகாவிலிருந்து கிலோவுக்கு இறங்கும்போது புள்ளி மூன்று இடம் வலப்பக்கம் நகரும். ஆக அது 18 கிலோஓம்.

மலேசிய வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். வோல்ட்டைக் கிலோஓமால் வகுத்தால் விடை நேராக மில்லிஆம்பியரில் கிடைக்கும்.

```
230 V / 18 kΩ = 12.8 mA
```

பத்தில் வெட்ட வேண்டிய சுவிட்ச் பன்னிரண்டைக் கண்டு வெட்டியிருக்கிறது. பழுது ஹீட்டரில் இருக்கிறது, சுவிட்சில் இல்லை. இவ்வளவில் ஹீட்டரை மாற்றச் சொல்லிவிடலாம்.

ஆனால் வீட்டார் கேட்பது வேறு கேள்வி. "கசிந்தால்தான் என்ன, எர்த் இருக்கிறதே?" எர்த் கம்பி சரியாக இருக்கும்வரை கசிவு அதன் வழியாகப் போய்விடும் என்பது உண்மைதான். அந்தக் கம்பியின் திருகு துருப்பிடித்து விலகிவிட்டால்? அப்போது ஹீட்டரின் உலோகப் பாகங்களும் அதிலிருந்து வரும் தண்ணீரும் மின்னேற்றம் பெறுகின்றன. குளிப்பவரின் உடல்தான் கசிவுக்குப் பாதை. நனைந்த உடலின் மின்தடையைப் பாதுகாப்புக் கணக்குகளில் ஏறத்தாழ 1000 ஓம் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். கசியும் காப்பும் உடலும் தொடராக நிற்பதால் இரண்டின் தடைகளையும் கூட்ட வேண்டும்.

கணக்கு வழுக்குவது இங்கேதான். ஒரு மதிப்பு கருவியிலிருந்து 18 என்று வந்தது; மற்றது நினைவிலிருந்து 1000 என்று வந்தது. அவசரத்தில் இரண்டையும் அப்படியே கூட்டினால் 1018. இரண்டாவது சறுக்கல் உடனே வருகிறது. 230-ஐ 1018-ஆல் வகுத்தால் 0.226. கசிவு மில்லிஆம்பியரில் வரும் என்று மனம் முன்பே எதிர்பார்த்திருப்பதால், கை 0.23 mA என்று எழுதிவிடுகிறது. மனிதர் உணரத் தொடங்கும் அளவே ஏறத்தாழ 0.5 மில்லிஆம்பியர். ஆகவே தாளைப் பார்ப்பவருக்கு ஹீட்டர் முழுப் பாதுகாப்பாகத் தெரிகிறது.

சரியான கணக்கு இது:

```
18 kΩ + 1 kΩ = 19 kΩ
230 V / 19 kΩ = 12.1 mA
```

பத்து மில்லிஆம்பியரை ஒட்டிய மின்னோட்டத்தில் கைத்தசைகள் இறுகி, பிடித்த குழாயை விட முடியாமல் போகலாம். தவறான விடை சரியான விடையில் ஐம்பதில் ஒரு பங்குக்கும் குறைவு. அதைவிட மோசமான ஒன்றும் இதில் ஒளிந்திருக்கிறது. 1 மெகாஓம் காப்புள்ள நல்ல சாதனத்தின் கசிவைக் கணக்கிட்டாலும் 230 மைக்ரோஆம்பியர், அதாவது அதே 0.23 மில்லிஆம்பியர்தான் வரும். தவறு அபத்தமான எண்ணைத் தந்திருந்தால் யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள். இது நல்ல ஹீட்டரின் எண்ணையே பழுதான ஹீட்டருக்குத் தந்துவிடுகிறது.

தவிர்க்கும் வழி எளிது. வகுக்கும் முன்பே எல்லாத் தடைகளையும் ஒரே அலகுக்குக் கொண்டுவர வேண்டும். ஓம் என்று தொடங்கினால் விடை ஆம்பியர், கிலோஓம் என்றால் மில்லிஆம்பியர், மெகாஓம் என்றால் மைக்ரோஆம்பியர். மின்னழுத்தம் வோல்ட்டில் இருக்கும்வரை இந்த மூன்று இணைகளும் மாறுவதில்லை. பெருக்கும்போதும் அப்படியே: கிலோஓமை மில்லிஆம்பியரால் பெருக்கினால் வோல்ட். கிலோஓமை மைக்ரோஆம்பியரால் பெருக்கியவர் மட்டும் கவனிக்க வேண்டும், அவருக்குக் கிடைப்பது மில்லிவோல்ட்.

விடை சரியா என்று சொல்ல இன்னொரு சாட்சியும் வீட்டிலேயே இருக்கிறது, அந்த ஆர்.சி.சி.பி.தான். 10 மில்லிஆம்பியர் என்று எழுதியிருந்தால், தரநிலைப்படி அது 5-க்குக் கீழே விழக்கூடாது, 10-ல் கட்டாயம் விழ வேண்டும். அந்தச் சுற்றில் ஹீட்டர் மட்டும் இருந்து, போட்டவுடன் சுவிட்ச் ஒவ்வொரு முறையும் விழுகிறதென்றால், கசிவு 0.23 மில்லிஆம்பியர் என்ற தாளை நம்ப முடியாது. சுவிட்ச் கெட்டுப்போயிருக்க வாய்ப்பு உண்டுதான்; ஹீட்டரைக் கழற்றிவிட்டும் அது விழுகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

100 மில்லிஆம்பியர் சுவிட்சுக்கு மாறிய வீட்டில் அடுத்து என்ன நடக்கும்? ஹீட்டரின் காப்பு 18 கிலோஓமில் நின்றுவிடாது. நீர் புகப் புக இறங்கும். 2 கிலோஓமுக்கு வந்துவிட்டது, எர்த்தும் அறுந்திருக்கிறது என்று கொள்வோம். 2-உடன் உடலின் 1 சேர்ந்தால் 3 கிலோஓம். 230-ஐ 3-ஆல் வகுத்தால் 77 மில்லிஆம்பியர். இது ஒரு வினாடிக்கு மேல் உடல் வழியாக ஓடினால் இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிர் போகக்கூடும். 100 மில்லிஆம்பியர் சுவிட்ச் 50-க்கும் 100-க்கும் இடையில் விழலாம், விழாமலும் இருக்கலாம். 77-ல் அது வெட்டும் என்று எவரும் உத்தரவாதம் தர முடியாது. 10 மில்லிஆம்பியர் சுவிட்ச் கண்ணிமைக்கும் நேரத்தில் வெட்டியிருக்கும்.

இந்தக் கணக்குகளுக்கு எல்லை உண்டு. சோதனைக் கருவி தருவது நேர்மின்னோட்டத்தில் குளிர்ந்த ஹீட்டரின் தடை. சூடாகி ஓடும்போது அது மாறும். கசியும் புள்ளி சூடேற்றியின் நடுவில் இருந்தால் முழு 230 வோல்ட்டும் அங்கே நிற்காது. சூடேற்றிக்குள் இருக்கும் மக்னீசியம் ஆக்சைடு தூள் ஈரத்தை உறிஞ்சும் என்பதால், நாளாகப் பயன்படாத ஹீட்டர் குறைந்த தடையைக் காட்டிவிட்டு, உலர்ந்ததும் தேறுவதும் உண்டு. ஆகவே 12.1-ஐ 12 என்றோ 10 என்றோ கொண்டாலும் முடிவு மாறாது. அலகு மாறினால்தான் முடிவே தலைகீழாகிறது.

திரையைப் படிப்பதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. பல கருவிகள் அலகைத் தாமாகவே மாற்றிக்கொள்ளும். 18.0 kΩ என்றும் 18.0 MΩ என்றும் காட்டும்போது பெரிய எண் ஒன்றுதான், ஓரத்தில் ஓர் எழுத்து மட்டும் வேறு. முதலாவது ஹீட்டரைத் தூக்கியெறியச் சொல்கிறது, இரண்டாவது நன்றாக இருக்கிறது என்கிறது. சிறிய m மில்லி, பெரிய M மெகா. இரண்டுக்கும் இடையே நூறு கோடி மடங்கு. கையால் எழுதும் சோதனைத் தாளில் இந்த எழுத்துகளின் அளவு எளிதில் குழம்பிவிடும்.

எர்த் கணக்கிலும் இதே கதைதான். தொடக்கூடிய உலோகத்தில் 50 வோல்ட்டைத் தாண்டக்கூடாது என்ற வரம்பை 100 மில்லிஆம்பியரால் வகுத்தால் 0.5 வரும். அது 0.5 கிலோஓம், அதாவது 500 ஓம். அரை ஓம் என்று படித்துவிட்டு, தேவையில்லாமல் எர்த் கம்பிகளை அடுக்கடுக்காக இறக்கிக் காசு கேட்பவரிடம் ஏமாறவும் இடமிருக்கிறது. 500 என்பது ஆர்.சி.சி.பி. வேலை செய்வதற்கான உச்ச வரம்பு மட்டுமே. நல்ல எர்த் அதைவிடப் பன்மடங்கு குறைவாக இருக்க வேண்டும்.

இனி, வீட்டாருக்கு உள்ள உரிமை. மலேசியாவில் வீட்டு வயரிங் வேலையைச் செய்வதற்கு எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் வேண்டும். குத்தகையாளர் அங்கே பதிவு பெற்றிருக்க வேண்டும். வேலை தொடங்குமுன் அந்தச் சான்றிதழைக் காட்டச் சொல்லலாம். முடிந்ததும் சோதனை முடிவுகளை எழுத்தில் கேளுங்கள், ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் அலகோடு. "நல்லா இருக்கு" என்று எழுதிய தாள் போதாது. காப்புத் தடை இத்தனை மெகாஓம், ஆர்.சி.சி.பி. இத்தனை மில்லிஆம்பியரில் விழுந்தது என்று இருக்க வேண்டும். புதிதாகப் பொருத்தும் ஆர்.சி.சி.பி.யில் சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். வாடகை வீடானால், உரிமையாளருக்கு அந்தத் தாளின் நகலை அனுப்பி, மாற்றித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். அதுவரை ஹீட்டரைப் பயன்படுத்தாதீர்கள்.

தகுதியில்லாதவர் வேலை செய்ததாகவோ ஆபத்தான வயரிங் என்றோ தோன்றினால் எரிசக்தி ஆணையத்திடம் புகார் செய்யலாம். கொடுத்த பணத்தைத் திரும்பப் பெற மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இயங்கும் அதில் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை, 5 வெள்ளி கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமலேயே பதியலாம். பிரச்சினை எழுந்த 3 ஆண்டுகளுக்குள் பதிய வேண்டும். உடற்காயத்துக்கும் உயிரிழப்புக்குமான இழப்பீட்டை அது விசாரிக்காது; அதற்கு நீதிமன்றத்தை நாட வேண்டும்.

தீர்ப்பாயத்துக்குப் போகிறவர் கையில் ரசீதோடு, கழற்றிய ஆர்.சி.சி.பி.யும் பொருத்திய ஆர்.சி.சி.பி.யும் முகப்பெழுத்து தெரியும்படி எடுத்த இரண்டு படங்கள் இருக்கட்டும். ஒன்றில் 10 mA, மற்றதில் 100 mA என்று இருந்தால், நடந்ததை விளக்க அவர் அதிகம் பேச வேண்டியிருக்காது.