தங்கம் எந்தப் பக்கம் போகும்னு தெரியாது, எவ்வளவு ஆடும்னு தெரியும்

இந்த எபிசோடு ஒரு நேயர் கேட்ட கேள்வியிலிருந்து ஆரம்பிக்குது. எம்.எஸ்சி. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கடைசி வருஷம் படிக்கிறாங்க. புராஜெக்டுக்குத் தங்கத்தோட தினசரி விலையை எடுத்திருக்காங்க. ரிட்டர்ன்ஸ் கணக்குப் போட்டு, ஆட்டோகோரிலேஷன் பார்த்தா எதுவுமே இல்லை. நேத்து ஏறினதுக்கும் இன்னைக்கு ஏறுறதுக்கும் சம்பந்தமே இல்லைன்னு பிளாட் சொல்லுது. "அப்போ இதுல மாடல் பண்ண என்னங்க இருக்கு?"ன்னு கேட்டிருக்காங்க.

நல்ல கேள்வி. இதுக்குத் தப்பான பதிலை நான் ஒருமுறை சொல்லி, என் சித்தப்பாவுக்கு நஷ்டம் வந்திருக்கு. அதனால அந்தக் கதையை வெச்சே சொல்றேன்.

2013 ஏப்ரல். நானும் அப்போ ஸ்டாட்டிஸ்டிக்ஸ்தான் படிச்சிட்டிருந்தேன். 12-ஆம் தேதி வெள்ளிக்கிழமை உலகச் சந்தையில தங்கம் ஏறக்குறைய 5% விழுந்துச்சு. சனி, ஞாயிறு லீவு. 15-ஆம் தேதி திங்கட்கிழமை இன்னும் ஏறக்குறைய 9% விழுந்துச்சு. முப்பது வருஷத்துல ஒரே நாள்ல அவ்வளவு விழுந்ததில்லை. ஒரு அவுன்ஸ் 1,350 டாலர் பக்கம் வந்து நின்னுது. நம்ம ஊர் நகைக்கடைகள்ல கூட்டம் அலைமோதிச்சு.

சித்தப்பா பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிருந்தார். பத்து சவரன் வாங்கணும், கையில காசும் இருந்துச்சு. "இன்னும் இறங்கும்னு எல்லாரும் சொல்றாங்கடா. ரெண்டு வாரம் பொறுத்துப் பார்க்கவா? பொறுத்தா எவ்வளவு ஏறிடும், அதைச் சொல்லு"ன்னு கேட்டார். கவனிங்க, ஏறுமா இறங்குமான்னு அவர் கேட்கலை. எவ்வளவு மாறும்னுதான் கேட்டார். அது ஒரு வேரியன்ஸ் கேள்வி.

நான் பாடப்புத்தகத்துல இருக்கிறதைச் செஞ்சேன். பல வருஷ தினசரி ரிட்டர்ன்ஸ் எடுத்தா, ஸ்டாண்டர்ட் டீவியேஷன் சுமார் 1%. இரண்டு வாரம்னா பத்து வர்த்தக நாள். √10 ஆல பெருக்கினா 3.2%. அதுல இரண்டு மடங்கு 6.3%. "சித்தப்பா, நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு தடவை ஆறு பர்சென்ட்டுக்குள்ளதான் இருக்கும்"னு தைரியமா சொன்னேன். சரி, ஆறு தானேன்னு அவர் காத்திருந்தார்.

மாசக் கடைசியில தங்கம் 1,470 டாலர் பக்கம் இருந்துச்சு. அதாவது ஏறக்குறைய 9% ஏற்றம். பத்து சவரனுக்கு வெச்ச பணத்துல ஒன்பது சவரனும் கொஞ்சமும்தான் கிடைச்சுது.

எங்க தப்பு? 1%-ங்கிறது அமைதியான மாசங்களையும் கொந்தளிச்ச மாசங்களையும் ஒண்ணாப் போட்டுக் கலக்கின சராசரி. நான் அதைக் கொந்தளிப்போட நட்ட நடுவுல நின்னுகிட்டுப் பயன்படுத்தினேன். வெயில்காலம், மழைக்காலம் எல்லாத்துக்கும் சேர்த்து ஒரு சராசரி மழையளவு எடுத்து, நவம்பர்ல குடை வேணுமான்னு முடிவு பண்ற மாதிரி.

இப்போ நேயரோட பிளாட்டுக்கு வருவோம். ரிட்டர்ன்ஸை விட்டுட்டு, ரிட்டர்ன்ஸோட வர்க்கத்துக்கு ஆட்டோகோரிலேஷன் பாருங்க. 2,500 நாள் டேட்டான்னா, பூஜ்யத்துக்குச் சமம்னு சொல்றதுக்கான கோடு ±0.04 கிட்ட இருக்கும். வர்க்கங்களோட பட்டைகள் அந்தக் கோட்டுக்கு மேல, வாரக்கணக்கா, மெதுவா குறைஞ்சுகிட்டே போகும். திசைக்கு ஞாபகம் இல்லை, அளவுக்கு ஞாபகம் இருக்கு. பெரிய அசைவுக்குப் பின்னாடி பெரிய அசைவு வரும், ஆனா அது மேலயா கீழயான்னு தெரியாது. பருத்தி விலையை ஆராய்ஞ்ச மாண்டல்பிராட் 1963-லேயே இதைக் குறிச்சு வெச்சிருக்கார். இதுக்குப் பேர்தான் வோலடிலிட்டி கிளஸ்டரிங்.

நம்பிக்கை வரலைன்னா ஒரு சின்னச் சோதனை. உங்க ரிட்டர்ன்ஸை சீட்டுக்கட்டு மாதிரி கலைச்சுப் போடுங்க. அதே எண்கள், அதே சராசரி, அதே ஸ்டாண்டர்ட் டீவியேஷன், ஹிஸ்டோகிராமும் மாறாது. ஆனா வர்க்கங்களோட ஆட்டோகோரிலேஷன் மொத்தமா காணாமப் போயிடும். அப்போ அந்தத் தகவல் எண்கள்ல இல்லை, வரிசையிலதான் இருந்துச்சுன்னு புரியும். ஸ்டாண்டர்ட் டீவியேஷனுக்கு வரிசை தெரியாது. நான் சித்தப்பாவுக்குச் சொன்ன 6.3% கலைச்சுப் போட்ட கட்டுக்குப் பொருந்துற பதில்.

வரிசையைக் கணக்குல எடுக்கிற மாடல்தான் கார்ச். 1982-ல ராபர்ட் எங்கிள் பிரிட்டன் பணவீக்கத்துக்காக ஆர்ச் மாடலைக் கொடுத்தார். 1986-ல டிம் போலர்ஸ்லெவ் அதைப் பொதுமைப்படுத்தினார், 'ஜி' அங்கிருந்து வந்தது. முழுப்பேரைச் சொன்னா மூச்சு வாங்கும், விட்டுடலாம். சமன்பாடு ஒரே வரி:

```
σ²(t) = ω + α·r²(t-1) + β·σ²(t-1)
```

இன்னைக்கு வேரியன்ஸ் மூணு துண்டோட கூட்டல். ஒமேகா ஒரு அடித்தளம், எவ்வளவு அமைதியானாலும் விலை கொஞ்சமாவது ஆடும். ஆல்ஃபா, நேத்து நடந்த அதிர்ச்சிக்கு நாம கொடுக்கிற எடை. அங்க வர்க்கம் இருக்கிறதால ஏற்றமும் இறக்கமும் ஒண்ணுதான். பீட்டா, நேத்து நாம வெச்சிருந்த மதிப்பீட்டுக்கு எடை. வீட்ல பெரிய சண்டை நடந்த மறுநாள் மாதிரி. சண்டை சட்டுனு சூட்டை ஏத்துது, அது ஆல்ஃபா. அந்த இறுக்கம் பல நாள் மெதுவா தணியுது, அது பீட்டா.

இதை 2013 ஏப்ரல்ல ஓட்டிப் பார்ப்போம். கையால கணக்குப் போட வசதியா உருண்டையான எண்கள் எடுத்துக்கிறேன்: ஒமேகா 0.02, ஆல்ஃபா 0.05, பீட்டா 0.93. தினசரி தங்கத்துக்குப் பொருத்தினா இந்த மாதிரி உருவம்தான் வழக்கமா வரும், ஆல்ஃபா சின்னது, பீட்டா பெருசு. ரிட்டர்ன்ஸ் எல்லாம் சதவீதத்துல. நீண்டகால வேரியன்ஸ் ஒமேகாவை (1 − ஆல்ஃபா − பீட்டா)-வால வகுத்தது. 0.02-ஐ 0.02-ஆல வகுத்தா 1. அதாவது நம்ம பழைய 1% ஸ்டாண்டர்ட் டீவியேஷனேதான்.

வெள்ளிக்கு முன்னாடி வேரியன்ஸ் 1-னு வெச்சுக்குவோம். வெள்ளிக்கிழமை −5. வர்க்கம் 25. திங்களுக்கான வேரியன்ஸ் 0.02 + 1.25 + 0.93 = 2.20. சிக்மா 1.48%. திங்கட்கிழமை −9 வந்துச்சு. வர்க்கம் 81. செவ்வாய்க்கான வேரியன்ஸ் 0.02 + 4.05 + 2.05, சுமார் 6.12. சிக்மா 2.5%. ரெண்டே நாள்ல சிக்மா ரெண்டரை மடங்காயிடுச்சு.

அதுக்கப்புறம்? ஆல்ஃபாவும் பீட்டாவும் சேர்ந்து 0.98. எதிர்பார்ப்புல, 1-க்கு மேல இருக்கிற உபரி, அதாவது 5.12, தினமும் 0.98 மடங்காகும். பாதியாகச் சுமார் 34 வர்த்தக நாள், ஏறக்குறைய ஏழு வாரம். சித்தப்பா கேட்ட பத்து நாளைக்கு, ஒவ்வொரு நாளோட வேரியன்ஸையும் கூட்டினா சுமார் 57 வருது. வர்க்கமூலம் 7.5. இரண்டு மடங்கு 15%.

ஆக, அன்னைக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில்: "மேலயோ கீழயோ பதினஞ்சு பர்சென்ட் வரை போகலாம் சித்தப்பா." நடந்த 9% ஏற்றம் அதுக்குள்ள வசதியா அடங்குது, என் 6.3%-க்கு வெளியில. பதினஞ்சுன்னு கேட்டிருந்தா பாதியையாவது அன்னைக்கே வாங்கியிருப்பேன்னு அவர் இப்பவும் சொல்வார், குறிப்பா கல்யாண வீடுகள்ல.

இங்க ஒரு விஷயத்தை மறைக்கக்கூடாது. திங்கட்கிழமை காலையில கார்ச் சொன்ன சிக்மா 1.48%. வந்தது 9%. அது ஆறு சிக்மா. கார்ச் அந்த வீழ்ச்சியை முன்கூட்டியே சொல்லலை, சொல்லவும் முடியாது. அடி விழுந்த பிறகுதான் அதுக்கு வலிக்கும். வெள்ளிக்கிழமை அடியால கொஞ்சம் உஷாரா இருந்துச்சு, அவ்வளவுதான். நார்மல் பரவலோட ஆறு சிக்மாவெல்லாம் வரவே கூடாத சமாச்சாரம். அதனாலதான் எர்ரருக்கு நார்மல் போடாம ஸ்டூடண்ட் டி பரவலைப் போடச் சொல்றேன். கொத்துகளைக் கார்ச் பார்த்துக்கும், மிச்சம் இருக்கிற தடிச்ச வாலை டி பார்த்துக்கும். பைத்தான்ல இவ்வளவுதான்:

```python
import numpy as np
from arch import arch_model

r = 100 * np.log(price).diff().dropna()
res = arch_model(r, vol="GARCH", p=1, q=1, dist="t").fit()
z = res.std_resid
```

அந்த 100-ஐ விட்டுடாதீங்க. எண்கள் ரொம்பப் பொடியானா ஆப்டிமைசர் தடுமாறும். அப்புறம் கடைசி வரியில வர்ற z-தான் பரீட்சை. அதோட வர்க்கங்களுக்கு மறுபடி ஆட்டோகோரிலேஷன் பாருங்க. மாடல் வேலை செஞ்சிருந்தா, கலைச்சுப் போட்ட கட்டு மாதிரி ஒண்ணுமே இருக்கக்கூடாது.

நேயர் அனுப்பின ஃபைலை நான் ஓட்டிப் பார்த்தேன். ஏழாவது லேக்ல ஒரு பட்டை நீட்டிக்கிட்டு நின்னுது, பதினாலுல இன்னொண்ணு. சந்தையில அப்படி எதுவும் இல்லை. அவங்க எடுத்தது சென்னை நகைக்கடை விலை, ஞாயித்துக்கிழமைக்கும் சனிக்கிழமை விலையையே போட்டிருக்காங்க. ஏழு நாளுக்கு ஒருமுறை ரிட்டர்ன் சரியா பூஜ்யம். அதை மாடல் அமைதின்னு நினைக்குது. ஞாயிறுகளையும் லீவு நாட்களையும் நீக்கிட்டு ரிட்டர்ன் எடுத்தா பட்டை போயிடும்.

இன்னொரு இடம் இதைவிடச் சுவாரசியமானது. அவங்க டேட்டாவுல 2024 ஜூலை 23 இருக்கு. பட்ஜெட்ல தங்கத்து மேல சுங்க வரியை 15%-லிருந்து 6%-ஆகக் குறைச்ச நாள். உள்ளூர் விலை சரசரன்னு இறங்கிடுச்சு. நம்ம சமன்பாட்டுக்கு அது வரின்னு தெரியாது, ஒரு பெரிய r² மட்டும்தான் தெரியும். அதனால அடுத்த பல வாரத்துக்கு வேரியன்ஸைத் தூக்கி வெச்சுக்குது. ஆனா வரிக் குறைப்பு ஒருமுறை நடந்து முடிஞ்சுபோற படி இறக்கம். அதே நாளோட டாலர் விலையைப் பக்கத்துல வெச்சுப் பார்த்தா அங்க இப்படி ஒரு பள்ளமே இருக்காது, அதுதான் அடையாளம். அந்த நாளுக்கு மட்டும் மீன் சமன்பாட்டுல ஒரு டம்மி மாறி போடலாம், இல்லைன்னா டாலர் விலையிலேயே கார்ச்சைப் பொருத்தலாம். நான் ரெண்டாவதைத்தான் செய்வேன், ரூபாய் மாற்று விகிதத்தைத் தனியா பார்த்துக்கலாம்.

அவங்களுக்கு ஆல்ஃபா, பீட்டா கூட்டல் 0.999 வந்திருக்கு. கொந்தளிப்பு பாதியாகக் கிட்டத்தட்ட எழுநூறு நாள்னு அர்த்தம். ரிப்போர்ட்ல அதை எழுதறதுக்கு முன்னாடி டேட்டாவை ரெண்டா வெட்டி, தனித்தனியா பொருத்திப் பாருங்க. நீண்டகால வேரியன்ஸ் நடுவுல எங்கேயோ மாறியிருந்தா, ஒரே ஒமேகாவால அதைச் சொல்ல முடியாம மாடல் கூட்டலை 1-ஐ நோக்கித் தள்ளும். ரெண்டு பாதியிலயும் கூட்டல் தெளிவா இறங்கினா, அந்த 0.999 தங்கத்தோட குணம் இல்லை, நீங்க ஒட்டவெச்ச ரெண்டு காலகட்டத்தோட தையல்.