வினைச்சொல்லை விழுங்கும் திரை

மின்கட்டணம் கட்டிவிட்டுப் போனைச் சட்டைப் பையில் போடப் போகும் நேரத்தில் திரையின் உச்சியில் ஒரு வரி வந்து நிற்கிறது: ‘தாங்கள் செலுத்திய மின்கட்டணத் தொகை ரூ. 840 ஏற்றுக்கொள்ளப்ப…’. அதற்கு மேல் இடமில்லை. ஏற்றுக்கொள்ளப்பட்டதா, ஏற்றுக்கொள்ளப்படவில்லையா? பணம் போயிற்றா, திரும்ப வருமா? அவர் செயலியைத் திறந்து, கடவுச்சொல் போட்டு, பழைய பரிவர்த்தனைகளைத் தேடித்தான் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இது ஆங்கிலத்தில் பெரும்பாலும் நேராத விபத்து. அங்கே ‘இல்லை’, ‘முடியவில்லை’ என்பவை வாக்கியத்தின் முன்பாதியிலேயே வந்துவிடும். தமிழில் வினைச்சொல் கடைசியில் வரும். எதிர்மறை அந்த வினைச்சொல்லுக்கும் வாலாக ஒட்டிக்கொண்டு வரும். ஆண்ட்ராய்டு போனில் ஓர் அறிவிப்பு சுருங்கிய நிலையில் இருக்கும்போது தலைப்புக்கு ஒரு வரி, செய்திக்கு ஒரு வரிதான் கிடைக்கும். மிஞ்சியதைப் போன் மூன்று புள்ளி வைத்து வெட்டிவிடும். வெட்டுவது வாலைத்தான். தமிழ் வாக்கியத்தின் உயிர் இருப்பதும் அங்கேதான். ஆங்கிலத்தில் எழுதி, அதிலேயே சரிபார்த்து, பிறகு தமிழுக்கு மாற்றி அப்படியே வெளியிடும் செயலிகளில் இந்தக் கோளாறு மறுபடி மறுபடி வருவதற்குக் காரணம், தமிழ் வரியைப் போன் திரையில் வைத்து யாரும் பார்க்காததுதான்.

பார்ப்பது எப்படி? வீட்டுக்குத் தண்ணீர் கேன் கொண்டுவந்து போடும் ஒரு செயலியை எடுத்துக்கொள்வோம். காலை 10 மணிக்கு வர வேண்டிய கேன், வண்டி பழுதாகி மாலை 6 மணிக்குத்தான் வரும். வாடிக்கையாளருக்கு அனுப்ப முதலில் எழுதப்பட்ட வரி இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

‘அன்பார்ந்த வாடிக்கையாளரே, தாங்கள் பதிவு செய்திருந்த 20 லிட்டர் குடிநீர் கேன், தவிர்க்க இயலாத காரணங்களால் மாலை 6 மணிக்கு வழங்கப்படும் என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்.’

மரியாதையில் குறை சொல்ல முடியாது. ஆனால் பூட்டிய திரையில் தெரியப்போவது ‘அன்பார்ந்த வாடிக்கையாளரே, தாங்கள் பதிவு…’ என்பது மட்டுமே. படிப்பவருக்கு வேண்டிய ஒரே தகவல் மாலை 6 மணி. அது வரியின் நடுவில் புதைந்து கிடக்கிறது. சரிபார்ப்பவர் முதலில் செய்ய வேண்டியது, இந்தச் செய்தியில் எந்த ஒரு சொல் போனால் மொத்தமும் வீண் என்று கேட்டு, அந்தச் சொல்லைத் தலைப்புக்குத் தூக்குவது.

தலைப்பு: ‘கேன் மாலை 6 மணிக்கு வரும்’. செய்தி: ‘வண்டி பழுது. வேண்டாம் என்றால் 5 மணிக்குள் ரத்து செய்யலாம்.’ கீழே ‘ரத்து செய்’ என்று ஒரு பட்டன். இரண்டாவது வரி எங்கே வெட்டுப்பட்டாலும் ‘வண்டி பழுது’ நிற்கும். மின்கட்டண வரிக்கும் இதே வைத்தியம்தான்: ‘பணம் போய்ச் சேரவில்லை’ என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டு, எந்தக் கட்டணம், எவ்வளவு என்பதை அடுத்த வரியில் வைக்கலாம். வினைச்சொல் கடைசியில் வந்தால் வரட்டும். அந்தக் கடைசி, திரையின் விளிம்புக்கு உள்ளே இருக்கும்படி வாக்கியம் குட்டையாக இருந்தால் போதும்.

எவ்வளவு குட்டை? இங்கே ஒரு சிக்கல் உண்டு. ‘தண்ணீர்’ என்ற சொல்லில் நம் கணக்குக்கு நான்கு எழுத்து: த, ண், ணீ, ர். கணினிக்கு அது ஏழு. மெய்யெழுத்தின் புள்ளியையும் நெடிலின் சுழியையும் அது தனித்தனிக் குறிகளாக எண்ணுகிறது. ஆகவே நாற்பது எழுத்துக்கு மேல் போகக் கூடாது என்று நிரலில் எழுதிவைத்தால், தமிழுக்குக் கிடைப்பது அதைவிடக் குறைவு. போதாததற்கு, போன் வெட்டுவதற்கு முன்பே சர்வரில் உள்ள நிரல் எண்ணி வெட்டினால் வெட்டு ஓர் எழுத்தின் நடுவில் விழலாம். ‘தண்ணீர்’ ஆறாவது குறியோடு வெட்டுப்பட்டால் ‘தண்ணீர’ என்று புள்ளியை இழந்து நிற்கும். திரையில் இப்படி ஒரு மொட்டை எழுத்தைப் பார்த்தால், யாரோ குறிகளை எண்ணி வெட்டியிருக்கிறார்கள் என்று உடனே தெரிந்துகொள்ளலாம்.

எண்ணிப் பார்ப்பதைவிடக் கண்ணால் பார்ப்பதே நம்பகமானது. விலை குறைந்த, திரை சிறிய ஒரு போனை எடுத்து, செட்டிங்ஸில் எழுத்தளவை மிகப் பெரியதாக வைத்து, செய்தியைத் தனக்கே அனுப்பிப் பார்க்க வேண்டும். வீட்டில் வயதானவர்கள் போனைப் பயன்படுத்துவது அப்படித்தான்.

ஐகான் விஷயத்தில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு தவறு தொடர்ந்து நடக்கிறது. செயலியின் வண்ண முத்திரையை அப்படியே அறிவிப்புப் பட்டைக்கும் கொடுத்துவிடுகிறார்கள். 2014-இல் வந்த ஆண்ட்ராய்டு 5.0 முதல், அந்தச் சின்ன ஐகானின் வண்ணத்தைப் போன் கண்டுகொள்வதில்லை. எந்த இடம் நிறைந்திருக்கிறது, எந்த இடம் ஊடுருவித் தெரிகிறது என்பதை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. நீலப் பின்னணியில் நீர்த்துளி வரைந்த சதுர முத்திரை, பட்டையில் வெறும் வெள்ளைச் சதுரமாகத் தெரியும். பின்னணியை நீக்கிவிட்டுத் துளியை மட்டும் ஒற்றை நிறத்தில் வரைந்து கொடுத்தால் துளி துளியாகவே வரும்.

அடுத்தது நேரம். வண்டி பழுதானது காலை 8.30 மணிக்குத் தெரிகிறது என்றால் 8.30-க்கே சொல்லிவிட வேண்டும். 9 மணிக்கு வேலைக்குக் கிளம்புபவர், கேனுக்காகக் காத்திருக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் நேரம் அது. இந்த மாதிரி உடனடிச் செய்தியில் நேரம் தவறுவது குறைவு. தினமும் தானாகப் போகும் நினைவூட்டல்களில்தான் தவறுகிறது. சர்வர்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் ஓடும். இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். சர்வரில் நள்ளிரவு என்று குறித்த வேலை, இங்கே விடியற்காலை 5.30-க்குத் தலையணைக்கு அருகில் ஒலிக்கும். காலை 9 என்று குறித்தது மதியம் 2.30-க்கு வரும். ஒரு நினைவூட்டல் எப்போதும் அரை மணிக் கணக்கில் தவறி வந்தால் காரணம் அநேகமாக இதுதான்.

செய்திக்கு ஆயுளும் வேண்டும். கூகுளின் அனுப்பும் சேவையில், அனுப்புபவர் எதுவும் குறிப்பிடாவிட்டால், போன் அணைந்திருந்தாலும் செய்தி நான்கு வாரம் வரை காத்திருக்கும். போனைச் சார்ஜ் இல்லாமல் விட்டுவிட்டு மறுநாள் ஆன் செய்பவருக்கு, ‘கேன் மாலை 6 மணிக்கு வரும்’ என்ற நேற்றைய செய்தி இன்றையது போலவே வந்து நிற்கும். அவரும் மாலை முழுவதும் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். நம் செய்தியின் பயன் ரத்து செய்யக் கடைசி நேரமான 5 மணியோடு தீர்ந்துவிடுகிறது. 8.30-இலிருந்து எட்டரை மணி நேரம். அதை நொடிகளாக்கி `"ttl": "30600s"` என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

இனி, எவ்வளவு தொந்தரவு செய்யலாம் என்ற கேள்வி. இதில் செயலிகள் மக்களிடம் காட்டும் அலட்சியம் வருத்தத்துக்குரியது. 2017-இல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல், அறிவிப்புகளை வகைவகையாகச் சேனல்களில் பிரித்துவைக்க வேண்டும். ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு முக்கியத்துவம் உண்டு: திரையின் மேல் எட்டிப்பார்த்து ஒலிப்பது, ஒலி மட்டும் எழுப்புவது, ஒலியில்லாமல் பட்டியலில் சேர்வது, பட்டையில்கூடத் தெரியாமல் இருப்பது. சேனலை உருவாக்கிய பிறகு செயலியால் இந்த நிலையை உயர்த்திக்கொள்ள முடியாது. அதன் பிறகு அதிகாரம் போன் வைத்திருப்பவர் கையில். கேன் தாமதமும் பண்டிகைத் தள்ளுபடியும் ஒரே சேனலில் வந்தால் என்ன ஆகும்? தள்ளுபடித் தொல்லை தாங்காமல் அவர் அந்தச் சேனலை அணைப்பார். தாமதச் செய்தியும் சேர்ந்து அணைந்துவிடும். கேன் வராத காரணம் தெரியாமல் அவர் போன் போட்டுத் திட்டும்போது, செய்தி அனுப்பியாயிற்று என்று சர்வர் சொல்லும்.

தாமதச் செய்திக்கு ஒலி போதும். திரையின் மேல் எட்டிப்பார்க்க வேண்டாம். ஆள் கேனோடு வாசலில் நிற்கும்போது எட்டிப்பார்க்கலாம், கதவைத் திறக்க வேண்டுமல்லவா. தள்ளுபடி ஒலியில்லாமல் வந்து பட்டியலில் கிடக்கட்டும். ஐபோனிலும் 2021-இல் வந்த ஐஓஎஸ் 15 முதல் இப்படி நான்கு படிகள் உண்டு. போன் சைலன்ட்டில் இருந்தாலும் ஒலிக்கக்கூடிய உச்சப் படிக்கு ஆப்பிளிடம் தனி அனுமதி வாங்க வேண்டும்.

வாடிக்கையாளர் ‘ரத்து செய்’ பட்டனை அழுத்துகிறார். இப்போது வருவது டோஸ்ட்: திரையின் கீழ்ப்பக்கம் சட்டென்று எழும்பித் தானாக மறையும் சிறு பெட்டி. ஆண்ட்ராய்டில் அதன் ஆயுள் இரண்டே வகை: 2 நொடி அல்லது 3.5 நொடி. ஆண்ட்ராய்டு 12-க்கு எழுதப்பட்ட செயலிகளில் அது இரண்டு வரிக்கு மேல் போகவும் முடியாது. ‘ரத்தானது’ என்று சொல்ல 2 நொடி தாராளம். ஆனால் இணையம் அறுந்து ரத்து போகவில்லை என்றால்? ‘இணைய இணைப்பு இல்லாததால் தங்கள் கோரிக்கையை நிறைவேற்ற இயலவில்லை, சிறிது நேரம் கழித்து முயலவும்’ என்பதை வாய்விட்டுப் படித்துப் பார்த்தால் மூன்றரை நொடிக்குள் முடியாது. கண்ணாடியைத் தேடுபவருக்கு முதல் சொல்லே கிடைக்காது. மறைந்ததைத் திரும்பக் கொண்டுவரவும் வழியில்லை. அவர் ரத்தாகிவிட்டது என்று நினைத்து வெளியூர் கிளம்புவார். மாலை 6 மணிக்குப் பூட்டிய வீட்டு வாசலில் கேன் வந்து நிற்கும்.

ஆகவே டோஸ்ட்டைச் சரிபார்க்கும்போது கேட்க வேண்டியது, இதை அவர் பார்க்கவே இல்லை என்றால் ஏதாவது கெடுமா என்பதுதான். கெடும் என்றால் அது டோஸ்ட்டாக இருக்கக் கூடாது. ‘ரத்தாகவில்லை. இணையம் இல்லை’ என்று திரையிலேயே தங்கி, பக்கத்தில் ‘மீண்டும் முயல்க’ என்ற பட்டனோடு அவர் தொடும்வரை நிற்க வேண்டும்.

தவறான செய்தி போய்விட்டால் அதைத் திருத்தும் செய்தியும் தயாராக இருக்கிறதா என்பதைப் பலர் பார்ப்பதே இல்லை. 2018 ஜனவரி 13 காலை 8.07 மணிக்கு ஹவாய் மக்களின் போன்களில், ஏவுகணை வருகிறது, உடனே பதுங்குங்கள், இது ஒத்திகை அல்ல என்று அவசரச் செய்தி வந்தது. அப்போதைய 90 எழுத்து வரம்புக்குள் அடங்கிய, ஐயத்துக்கு இடமில்லாத செய்தி. செய்திதான் பொய், பணியாளர் ஒருவர் தவறாக அனுப்பியது. அது பொய் என்று சொல்லும் செய்தி அதே போன்களுக்கு வந்து சேர 38 நிமிடம் ஆனது. தவறான எச்சரிக்கையைத் திரும்பப் பெறும் வாசகம் எதுவும் அங்கே முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருக்கவில்லை.

தண்ணீர் கேனுக்கு அத்தனை பதற்றம் இல்லை. ஆனாலும் வண்டி எதிர்பார்த்ததைவிட முன்பே சரியாகி மதியம் 12-க்கே கேன் வரும் என்றால், பழைய செய்தியின் கீழ் இன்னொன்று சேரக் கூடாது; ‘மாலை 6’ என்பதும் ‘மதியம் 12’ என்பதும் ஒரே திரையில் நின்றால் எதை நம்புவது? இரண்டுக்கும் ஒரே அடையாளக் குறி கொடுத்து அனுப்பினால், புதியது பழையதன் இடத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். ‘கேன் மதியம் 12 மணிக்கே வரும்’ என்பது அதன் தலைப்பு. நேரம் மாறியிருப்பதால் இதற்கும் ஒருமுறை ஒலிக்கலாம். கேனை வாங்கி உள்ளே வைத்த பிறகு ‘கேன் வந்து சேர்ந்தது’ என்ற செய்தி, ஒலியில்லாமல் அதே இடத்தில் மாறி நிற்கும்.