தெருமுனையில் அறுந்துபோகாத விபிஎன்

வேலை பாதியில் இருக்கும்போதே வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புகிறோம். மாடிப்படி இறங்கும் வரை வீட்டு வைஃபை. தெருமுனை வருவதற்குள் அது போய், கைப்பேசியின் மேல்பக்கத்தில் 4ஜி என்றோ 5ஜி என்றோ தெரியும். செய்தி படித்துக்கொண்டு நடப்பவருக்கு இந்த மாற்றம் கண்ணிலேயே படாது. அலுவலக விபிஎன்னுக்குள் இருப்பவருக்கோ அந்தத் தெருமுனைதான் சோதனை. சிலரது போனில் இணைப்பு அறுந்து, பாஸ்வேர்டும் ஓடிபியும் மறுபடி கேட்கும். வேறு சிலரது போனில் ஓரிரு நொடி தயங்கிவிட்டு, விட்ட இடத்திலிருந்தே வேலை தொடரும். இந்த இரண்டு அனுபவங்களுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் ஒரு சின்னச் செய்தியில் இருக்கிறது.

முதலில் ஏன் அறுகிறது என்று பார்த்துவிடலாம். இணையத்தில் இரண்டு கணினிகள் பேசிக்கொள்ளும்போது, அந்தப் பேச்சை அடையாளம் காண நான்கு எண்கள் போதும்: இந்தப் பக்கத்து ஐபி முகவரி, போர்ட் எண், அந்தப் பக்கத்து ஐபி முகவரி, போர்ட் எண். நான்கில் ஒன்று மாறினாலும் எதிர்முனைக்கு அது வேறு ஆள். வைஃபையை விட்டு மொபைல் டேட்டாவுக்குப் போகும்போது நம் பக்கத்து முகவரி மாறிவிடுகிறது. பழைய பேச்சு அத்தோடு முடிந்தது.

விபிஎன் இதற்குப் பாதித் தீர்வைத் தன்னிடமே வைத்திருக்கிறது. இணைந்தவுடன் விபிஎன் சர்வர் நம் போனுக்கு உள்முகவரி ஒன்று கொடுக்கும். 10.10.10.7 என்று வைத்துக்கொள்வோம். செயலிகள் எல்லாம் அந்த முகவரியில்தான் பேசுகின்றன. வெளியே வைஃபை, மொபைல் என்று எது மாறினாலும் அந்த உள்முகவரி அப்படியே இருந்தால், செயலிகளுக்கு எதுவுமே நடக்கவில்லை. ஆனால் உள்முகவரியைச் சுமந்து செல்லும் சுரங்கப்பாதை நம் வெளிமுகவரிக்கும் சர்வருக்கும் நடுவே கட்டப்பட்டது. வெளிமுகவரி மாறும்போது அந்தப் பாதையைக் காப்பாற்ற வேண்டும். அதுதான் மீதிப் பாதி.

அந்தப் பாதைக்கான சாவிகளைப் பேசி முடிவு செய்வது ஐகேஇ என்ற நெறிமுறை. 1998இல் வந்த அதன் முதல் பதிப்பில் முகவரி மாறினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குவதைத் தவிர வழி இல்லை. 2005 டிசம்பரில் இரண்டாம் பதிப்பு வந்தது. அடுத்த ஆறே மாதத்தில், 2006 ஜூனில், முகவரி மாற்றத்துக்கென்றே ஒரு துணை நெறிமுறை ஆர்எஃப்சி 4555 என்ற எண்ணில் வெளியானது. அதன் பெயர் மோபைக். ஐபோன் கடைக்கு வருவதற்கு ஒரு வருடம் முன்பே இது எழுதி முடிக்கப்பட்டுவிட்டது.

மோபைக்கின் அடிப்படை எளிமையானது. போனும் சர்வரும் முதல்முறை கைகுலுக்கும்போது இரண்டும் ஆளுக்கு 8 பைட் நீளத்தில் ஓர் அடையாள எண்ணைத் தேர்ந்துகொள்கின்றன. அதன்பிறகு வரும் ஒவ்வொரு ஐகேஇ செய்தியிலும் அந்த இரண்டு எண்களும் இருக்கும். அவற்றைப் பார்த்தே, எந்தச் சாவியால் இந்தச் செய்தியைத் திறக்க வேண்டும் என்று சர்வர் கண்டுகொள்ளும். ஆகவே ஒப்பந்தம் முகவரியோடு கட்டப்பட வேண்டிய அவசியமே இல்லை. அடையாள எண்ணும் சாவியும் இருந்தால் போதும். முகவரியை வெறும் தபால் விவரமாக வைத்துக்கொள்ளலாம்.

இது நடைமுறையில் எப்படித் தெரிகிறது என்று பார்க்க, என் சொந்தச் சர்வரில் ஸ்ட்ராங்ஸ்வான் என்ற திறமூல மென்பொருளை நிறுவி, போனிலிருந்து இணைத்து வைத்திருக்கிறேன். வைஃபையில் இருக்கும்போது சர்வரில் `swanctl --list-sas` என்று தட்டினால் வருவது இது. கொஞ்சம் சுருக்கி, முகவரிகளுக்குப் பதில் எடுத்துக்காட்டு எண்களை வைத்திருக்கிறேன்.

```
phone: #12, ESTABLISHED, IKEv2
  remote 'phone' @ 203.0.113.45[4500] [10.10.10.7]
  established 2790s ago
```

203.0.113.45 என்பது வீட்டு இணைப்பின் வெளிமுகவரி. போனுக்கு அது தெரியாது. போன் தன்னை 192.168.1.23 என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறது, ஏனென்றால் வீட்டு ரவுட்டர் நடுவில் நின்று முகவரியை மாற்றி அனுப்புகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு, போனோடு தெருவுக்குப் போவோம்.

வைஃபை விட்டுப்போகிறது. மொபைல் இணைப்பு போனுக்குப் புதிய முகவரி ஒன்றைத் தருகிறது. உடனே விபிஎன் மென்பொருள் பழைய சாவியாலேயே பூட்டிய ஒரு செய்தியைப் புதிய வழியில் சர்வருக்கு அனுப்புகிறது. சர்வரின் பதிவில் இப்படித் தெரியும்:

```
[NET] received packet: from 198.51.100.77[31842]
[ENC] parsed INFORMATIONAL request 6
      [ N(UPD_SA_ADDR) N(NATD_S_IP) N(NATD_D_IP) ]
```

`UPD_SA_ADDR` என்பதுதான் அந்தச் சின்னச் செய்தி. முகவரியைப் புதுப்பித்துக்கொள் என்று பொருள். ஆனால் அதற்குள் புதிய முகவரி எழுதப்பட்டிருக்காது. எழுதவும் முடியாது. மொபைல் நிறுவனத்தின் வலையமைப்பும் நடுவில் முகவரியை மாற்றக்கூடும் என்பதால், வெளியே தான் எந்த முகவரியில் தெரிகிறோம் என்பது போனுக்கு இப்போதும் தெரியாது. வீடு மாறிய ஒருவர் ‘நான் இடம் மாறிவிட்டேன்’ என்று மட்டும் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்ப, வாங்கியவர் உறைமேல் இருக்கும் அஞ்சல் முத்திரையைப் பார்த்து ஊரைத் தெரிந்துகொள்வதுபோல, எந்த முகவரியிலிருந்து பொட்டலம் வந்ததோ அதையே சர்வர் புதிய முகவரியாகக் குறித்துக்கொள்கிறது. அடுத்து இருக்கும் இரண்டு `NATD` குறிகள், வழியில் முகவரி மாற்றப்பட்டதா என்று ஒப்பிட்டுப் பார்க்க உதவுகின்றன.

இங்கே நியாயமான ஒரு பயம் வரும். கடிதத்தில் கையெழுத்து இருக்கிறது, சரி. முத்திரைக்கு என்ன பாதுகாப்பு? வழியில் நிற்கும் ஒருவன் பொட்டலத்தின் மேலிருக்கும் முகவரியை மட்டும் மாற்றிவிட்டால், சர்வர் நம் போக்குவரத்தை முழுவதும் யாரோ ஒருவர் தலையில் கொட்டத் தொடங்கும். அவர்களால் அதைப் படிக்க முடியாது, சாவி இல்லை. ஆனால் வெள்ளம் அவர்களைத் தாக்கும். அதனால் சர்வர் விரும்பினால் புதிய முகவரிக்கு ஒரு சோதனைச் செய்தி அனுப்பலாம். அதில் `COOKIE2` என்ற பெயரில், யாராலும் ஊகிக்க முடியாத ஒரு தற்செயல் எண் இருக்கும். அதே எண் பூட்டிய பதிலாகத் திரும்பி வந்தால், நம் போன் உண்மையிலேயே அங்கே இருக்கிறது என்று பொருள்.

இவ்வளவும் முடிந்தபின் அதே கட்டளையை மறுபடி தட்டினேன்.

```
phone: #12, ESTABLISHED, IKEv2
  remote 'phone' @ 198.51.100.77[31842] [10.10.10.7]
  established 2843s ago
```

வெளிமுகவரி மாறியிருக்கிறது. உள்முகவரி மாறவில்லை. முக்கியமாக, #12 அப்படியே இருக்கிறது, நொடிக் கணக்கும் 2790இலிருந்து ஓடிக்கொண்டே 2843க்கு வந்திருக்கிறது. மோபைக் வேலை செய்கிறதா என்று கண்டுபிடிக்க இதைவிட நல்ல சோதனை இல்லை. அது வேலை செய்யாமல், போன் சத்தமில்லாமல் புதிதாக இணைந்திருந்தால், இந்த இடத்தில் #13 என்றும் சில நொடிகளுக்கு முன்புதான் தொடங்கியது என்றும் இருக்கும். போன் திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். விபிஎன் சின்னம் போய் வந்ததை யாரும் உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை.

அறாமல் தொடர்வது என்றால் ஒரு பொட்டலம்கூடத் தொலையாது என்று நினைத்துவிடக் கூடாது. செய்தி போய்ச் சேரும் வரை சர்வர் பழைய முகவரிக்குத்தான் அனுப்பிக்கொண்டிருக்கும். அவை எல்லாம் வீட்டு ரவுட்டரோடு வீணாகின்றன. கோப்பு இறக்கமோ மின்னஞ்சலோ தொலைந்ததை மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளும். குரல் அழைப்பில் இருப்பவருக்கு ஓரிரு வார்த்தை விழுங்கப்பட்டது கேட்கும்.

இனி, எங்கே தோற்கும் என்று பார்ப்போம். முதல் இடம் வாகனம் நிறுத்தும் நிலவறை. போனுக்குச் சிக்னலே இல்லை. சர்வர் தன் பங்குக்கு, ஆள் இருக்கிறாரா என்று அவ்வப்போது கேட்டுப் பார்க்கும் பழக்கம் உள்ளது. `dpd_delay` என்பதில் 30 நொடி கொடுத்திருந்தால், போனிலிருந்து எதுவும் வராமல் 30 நொடி ஆனதும் முதல் கேள்வி போகும். பதில் இல்லையென்றால் அதையே இடைவெளி கூட்டிக்கூட்டி ஐந்து முறை மறுபடி அனுப்பி, முதல் கேள்வியிலிருந்து 165 நொடியில் கைவிடும். இது ஸ்ட்ராங்ஸ்வானின் இயல்பு அமைப்பு. ஆக, மூன்றே கால் நிமிடத்தில் ஒப்பந்தம் அழிந்துவிடும். நான்காவது நிமிடம் மேலே வந்து போன் அனுப்பும் முகவரிச் செய்தியைத் திறக்க சர்வரிடம் சாவி இருக்காது. நான் அந்த எண்ணை 300 ஆக்கினேன். அப்போது பொறுமை ஏழே முக்கால் நிமிடமாகிறது. போனின் பக்கத்திலும் இப்படி ஒரு பொறுமை எல்லை உண்டு என்பதால், சர்வரை மட்டும் மாற்றினால் முழுப் பலன் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

```
connections {
  phone {
    version = 2
    mobike = yes
    dpd_delay = 300s
  }
}
```

`mobike` சொல்லாவிட்டாலும் இதில் இயல்பாகவே இயங்கும். ஆனால் இரு பக்கமும் சம்மதிக்க வேண்டும். முதல் இணைப்பின்போதே இரண்டும் அதை அறிவித்துக்கொள்கின்றன. ஐபோனில் நிறுவனங்கள் ஏற்றும் அமைப்புக் கோப்பில் `DisableMOBIKE` என்று ஒரு வரி உண்டு. அதில் 1 இருந்தால் போன் அறிவிக்காது. வாசல் தாண்டும் ஒவ்வொரு முறையும் அறுகிறது என்று புகார் வந்தால், முதலில் பார்க்க வேண்டிய இடங்களில் இதுவும் ஒன்று.

இரண்டாவது இடம், மொபைல் டேட்டாவிலிருந்து வெளியூர் விடுதியின் வைஃபைக்கு மாறும்போது. மோபைக்கின் செய்திகள் யுடிபி போர்ட் 4500 வழியாகப் போகின்றன. அந்த வைஃபை அதை அடைத்து வைத்திருந்தால் `UPD_SA_ADDR` சர்வரை எட்டவே எட்டாது. கண்டுபிடிப்பது சுலபம்: சர்வர் பதிவில் அந்த நேரத்துக்கு ஒரு வரிகூட இருக்காது. இப்படிப்பட்ட இடங்களுக்காக ஐகேஇயை டிசிபிக்குள் வைத்து அனுப்பும் முறை 2017இல் வகுக்கப்பட்டது. அதுவும் இரு பக்கமும் தெரிந்திருந்தால்தான் பயன்படும். இல்லாவிட்டால் அந்த வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவிலேயே இருப்பதுதான் வழி.

மூன்றாவதுதான் அன்றாடம் அதிகம் நடப்பது. வாசல் தாண்டியும் வைஃபையின் ஒரு கோடு மட்டும் மிச்சமிருக்க, போன் அதையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும். எதுவும் ஓடாது, ஆனால் முகவரி மாறவில்லை. வலையமைப்பை மாற்றலாமா என்ற முடிவு போனின் இயங்குதளத்தின் கையில் இருக்கிறது. அது முடிவெடுக்கும் வரை அறிவிப்பதற்கு மோபைக்கிடம் எதுவும் இல்லை. ஆகவே தெருமுனையில் விபிஎன் திணறும்போது, முதலில் வைஃபையைக் கையால் அணைத்துப் பாருங்கள். ஓரிரு நொடியில் எல்லாம் ஓடத் தொடங்கினால் விபிஎன்மேல் குற்றமில்லை. அது போன் அந்த வைஃபையை விடுவதற்காகக் காத்துக்கொண்டிருந்தது.