180 மீட்டர் கேபிளுக்கு மூன்று சோதனைகள்

கோவைப் பக்கம் ஓர் இன்ஜினியரிங் பட்டறை என்று வைத்துக்கொள்வோம். வளாகத்தின் முன்பக்கம் 400 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மரும் மெயின் பேனலும் இருக்கின்றன. பின்பக்கம் புதிதாக ஒரு ஷெட் எழும்பியிருக்கிறது. அங்கே ஒரே நேரத்தில் ஓடக்கூடிய அதிகபட்ச லோடு 100 கிலோவாட், பவர் ஃபேக்டர் 0.85. மெயின் பேனலிலிருந்து அந்த ஷெட்டின் சப் பேனலுக்குப் போகும் கேபிள்தான் சப்மெயின். நீளம் 180 மீட்டர். எத்தனை ஸ்கொயர் எம்எம் கேபிள் வாங்குவது?

முதலில் கரன்ட். 100 கிலோவாட்டை 415 வோல்ட், 1.732, 0.85 மூன்றின் பெருக்கலால் வகுத்தால் 164 ஆம்பியர் வரும். பலர் இந்த எண்ணோடு நேரே கேபிள் கம்பெனியின் அட்டவணைக்குப் போய்விடுகிறார்கள். போகக் கூடாது. மெயின் பேனலில் இந்த லைனுக்கு வைக்கப்போவது 200 ஆம்பியர் எம்சிசிபி. நாளை ஷெட்டில் இன்னொரு மெஷின் சேர்ந்து 190 ஆம்பியர் ஓடினாலும் அந்த பிரேக்கர் விழாது. அதன் கண்ணுக்கு அது சாதாரண லோடு. கேபிள் 164 ஆம்பியருக்கு மட்டும் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தால், அதன் இன்சுலேஷன் யாருக்கும் தெரியாமல் நாள்தோறும் வெந்துகொண்டிருக்கும். அதனால் கேபிள் தாங்க வேண்டியது பிரேக்கரின் 200 ஆம்பியரை.

அட்டவணையில் இருக்கும் எண்ணையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. நம் நாட்டு அட்டவணைகள் காற்றில் போடும் கேபிளுக்கு 40 டிகிரி சூழல் வெப்பத்தையும், அது தனியாகக் கிடப்பதையும் அடிப்படையாகக் கொண்டவை. நம் கேபிள் போகிற டிரே தகரக் கூரைக்கு அடியில் இருக்கிறது. சித்திரை வெயிலில் அங்கே 50 டிகிரி என்று கணக்கு வைப்பதே நியாயம். எக்ஸ்எல்பிஇ இன்சுலேஷன் உள்ள கேபிளின் கம்பி 90 டிகிரி வரை தாங்கும். சூழல் 40 டிகிரியாக இருந்தால் சூடாக 50 டிகிரி இடம் இருக்கும். இங்கே 40 டிகிரிதான். கரன்ட்டின் வர்க்கத்துக்கு ஏற்பச் சூடு ஏறுவதால், 40-ஐ 50-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.89 கிடைக்கும். அதே டிரேயில் இன்னும் இரண்டு லோடு கேபிள்கள் ஒட்டிக் கிடக்கின்றன. துளையுள்ள டிரேயில் மூன்று கேபிள் ஒட்டியிருந்தால் 0.82-ஆல் பெருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து 0.73. அதாவது, அட்டவணை மதிப்பில் கால்பங்குக்கு மேல் இங்கே குறைந்துவிடுகிறது.

200-ஐ 0.73-ஆல் வகுத்தால் 274. காற்றில் அத்தனை ஆம்பியர் தாங்கும் மூன்றரை கோர் அலுமினிய ஆர்மர்டு கேபிளைத் தேடினால், 120 ஸ்கொயர் எம்எம் சுமார் 257-இல் நின்றுவிடும். 150-க்கு சுமார் 292. ஆக, முதல் சோதனையில் தேறியது 150.

அடுத்தது வோல்டேஜ் டிராப். டிரான்ஸ்ஃபார்மரில் புறப்பட்ட வோல்டேஜ் மோட்டாரைச் சேர்வதற்குள் மொத்தம் 5 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. அதில் 3 சதவீதத்தைச் சப்மெயினுக்குக் கொடுத்து, மீதியை ஷெட்டுக்குள் ஓடும் ஒயர்களுக்கு விட்டுவைக்கலாம். 415-இல் 3 சதவீதம் 12.45 வோல்ட்.

150 ஸ்கொயர் எம்எம் அலுமினியத்தின் மின்தடை, முழுச் சூட்டில், கிலோமீட்டருக்கு சுமார் 0.264 ஓம். ரியாக்டன்ஸ் சுமார் 0.072. மின்தடையை 0.85-ஆலும் ரியாக்டன்ஸை 0.53-ஆலும் பெருக்கிக் கூட்டினால் 0.262. இதை 1.732, 164 ஆம்பியர், 0.18 கிலோமீட்டர் மூன்றோடும் பெருக்கினால் 13.4 வோல்ட் வருகிறது. 3.2 சதவீதம். வரம்பைத் தாண்டிவிட்டது. 164 ஆம்பியரில் கம்பி 90 டிகிரிக்குப் போகாது, ஆகவே மின்தடை இன்னும் குறைவு என்று வாதிடலாம், வாதம் சரிதான். ஆனால் அதற்கேற்பக் கணக்கைத் திருத்தினாலும் 3.1-க்குத்தான் இறங்குகிறது. எனவே 185-க்குப் போகிறோம். அதன் மின்தடை சுமார் 0.21 ஓம், டிராப் 11 வோல்ட், 2.7 சதவீதம். இரண்டாவது சோதனை கேபிளை ஒரு படி பெரிதாக்கிவிட்டது. நூறு மீட்டருக்கு மேல் நீளும் சப்மெயின்களில் இப்படி வோல்டேஜ் டிராப்தான் கடைசி முடிவைச் சொல்வது சகஜம்.

மூன்றாவது ஷார்ட் சர்க்யூட். நம் டிரான்ஸ்ஃபார்மர் 433 வோல்ட்டில் தரும் முழு லோடு கரன்ட் 533 ஆம்பியர். அதன் இம்பீடன்ஸ் 4.5 சதவீதம். 533-ஐ 0.045-ஆல் வகுத்தால் சுமார் 12,000 ஆம்பியர். மெயின் பேனலை ஒட்டி ஃபால்ட் நடந்தால் கேபிளில் பாயக்கூடிய அதிகபட்சம் இதுதான். அந்தக் கணத்தில் சூடு வெளியே போக நேரமில்லை. அத்தனையும் கம்பிக்குள்ளேயே தங்கி, 90 டிகிரியில் இருந்த கம்பியைக் கிடுகிடுவென ஏற்றும். எக்ஸ்எல்பிஇ 250 டிகிரி வரை அந்தச் சில நொடிகளைப் பொறுத்துக்கொள்ளும். அதற்கான சூத்திரம்:

I = k × S ÷ √t

எக்ஸ்எல்பிஇ போட்ட அலுமினியத்துக்கு k மதிப்பு 94. S கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு, t நொடி. 185 ஸ்கொயர் எம்எம் ஒரு நொடிக்கு 17,400 ஆம்பியர் தாங்கும். நமக்கு வருவது 12,000. அதையும் எம்சிசிபி ஒரு நொடியின் மிகச் சிறு பகுதியிலேயே அறுத்துவிடும். தாராளமாகத் தேறியது.

இங்கே கணக்கை மூடிவிடுவது பெரும் தவறு என்பது என் உறுதியான கருத்து. ஃபால்ட் எப்போதும் பேனல் வாசலில் நடப்பதில்லை. 180 மீட்டர் தள்ளி, சப் பேனலில் ஒரு ஃபேஸ் நியூட்ரலோடு உரசினால் என்ன ஆகும்? மூன்றரை கோர் கேபிளில் நியூட்ரல் பாதி அளவுதான், 185-க்கு 95. கிலோமீட்டருக்குப் போக 0.21, வர 0.41 ஓம் என்று மின்தடை கூடிவிடுகிறது. டிரான்ஸ்ஃபார்மரின் பங்கையும் ரியாக்டன்ஸையும் சேர்த்தால் 180 மீட்டருக்கு மொத்தம் சுமார் 0.12 ஓம். 240 வோல்ட்டை அதால் வகுத்தால் வெறும் 2,000 ஆம்பியர். எம்சிசிபியின் உடனடி டிரிப் 10 மடங்கில், அதாவது 2,000 ஆம்பியரில் வைக்கப்பட்டிருந்தால், பிரேக்கர் உடனே விழலாம். விழாமல் தெர்மல் டிரிப்புக்காகப் பல நொடிகள் காத்திருக்கவும் செய்யலாம். அதுவரை அந்தப் பேனலுக்குள் ஆர்க் எரிந்துகொண்டிருக்கும். மருந்து எளிது: பிரேக்கரில் திருப்பும் வசதி இருந்தால் செட்டிங்கை 5 அல்லது 6 மடங்குக்கு இறக்க வேண்டும். பெரிய மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது அது விழுந்துவிடுகிறதா என்பதையும் கூடவே பார்த்துக்கொள்ள வேண்டும்.

185-க்குப் போனதில் ஒரு கைவேலைச் சிக்கலும் உண்டு. 200 ஆம்பியர் எம்சிசிபியின் டெர்மினலில் 185 ஸ்கொயர் எம்எம் லக் பல சமயம் உட்காராது. அவசரத்தில் லக்கின் ஓரத்தை ராவுவதும், சின்ன லக்குக்குள் நுழைய நாலைந்து இழைகளை வெட்டிவிடுவதும் நடக்கின்றன. போட்ட கணக்கெல்லாம் அந்த ஓரங்குலத்தில் வீணாகிவிடும். ஸ்ப்ரெடர் போட்டு டெர்மினலை அகலப்படுத்த வேண்டும். காப்பர் பட்டையோடு சேரும் இடத்தில் பைமெட்டாலிக் லக்கும் வேண்டும்.

ஷெட் முழு லோடில் ஓடும்போது இரண்டு பேர் இரண்டு மீட்டரோடு நின்று, மெயின் பேனலிலும் சப் பேனலிலும் ஒரே நேரத்தில் வோல்டேஜ் பார்க்கட்டும். வித்தியாசம் 11 வோல்ட்டை ஒட்டி இருந்தால் எல்லாம் சரி. மூன்று ஃபேஸும் ஒரே மாதிரி அதிகமாகக் குறைந்தால் லோடு கூடியிருக்கிறது. கிளாம்ப் மீட்டர் சொல்லிவிடும். கரன்ட் மூன்றிலும் சமமாக இருந்தும் ஒரு ஃபேஸ் மட்டும் கூடுதலாகக் குறைந்தால், கேபிளைக் குறை சொல்லாமல் அந்த ஃபேஸின் லக்குகளைச் சப்ளையை நிறுத்திவிட்டுத் திறந்து பார்க்க வேண்டும்.